ஜூனியர் மேனுவல் டெஸ்டர் வேலைக்கு கவர் லெட்டர்: ஒரே ஒரு பக் போதும்

கல்லூரி முடித்ததும் நான் அனுப்பிய முதல் 43 விண்ணப்பங்களுக்கும் ஒரே கவர் லெட்டர்தான். கம்பெனி பெயரை மட்டும் மாற்றுவேன். ஒரு முறை அதையும் மாற்ற மறந்துவிட்டேன். பதில் என்று வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் தானாகப் போகும் மின்னஞ்சல். டெஸ்டிங் வேலையில் இருக்கும் கல்லூரி சீனியர் அக்கா ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். "இதுல டெஸ்டிங்னு இருக்கற இடத்துல அக்கவுன்ட்ஸ்னு போட்டா, அந்த வேலைக்கும் இதையே அனுப்பலாமே தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து மாற்றிப் பார்த்தேன். இரண்டு சொல்லைத் தவிர வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு கடிதத்தை அடியோடு மாற்றினேன். எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரெஷர்களை ஆன்லைன் தேர்வு வைத்து மொத்தமாக எடுக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இது உதவாது. அங்கே கவர் லெட்டரைப் படிக்க ஆள் இருக்காது. இருபது, ஐம்பது, இருநூறு பேர் வேலை செய்யும் கம்பெனிகளில் பல நேரம் டெஸ்ட் லீடே மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார். இந்தக் கடிதம் அவருக்கானது.

## 1. விளம்பரத்தில் இரண்டு வரியை மட்டும் பிடியுங்கள்

மேனுவல் டெஸ்டர் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. டெஸ்ட் கேஸ் எழுதத் தெரிய வேண்டும், ஜிரா தெரிந்தால் நல்லது, எஸ்.கியூ.எல். அடிப்படை வேண்டும், நல்ல கம்யூனிகேஷன் வேண்டும். எல்லாவற்றுக்கும் கடிதத்தில் பதில் சொல்லப் போனால் கடிதம் பட்டியலாகிவிடும். இரண்டே வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, நீங்கள் செய்து காட்டக்கூடியது. இன்னொன்று, அந்த விளம்பரத்தில் மட்டும் இருப்பது. "மொபைல் ஆப் டெஸ்டிங்", "பில்லிங் மென்பொருள்", "வாடிக்கையாளர் புகாரைத் திரும்ப உருவாக்கிப் பார்த்தல்" போல ஏதாவது ஒன்று கண்ணில் படும். அந்த வரியைத்தான் அவர்கள் யோசித்து எழுதியிருப்பார்கள்.

தேர்ச்சி பெற்ற ஆண்டு, எல்லா வகுப்பிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளையும் இப்போதே பாருங்கள். உங்களுக்குப் பொருந்தாத நிபந்தனை கண்டிப்பானதாக எழுதப்பட்டிருந்தால் அந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள். "0–1 வருடம்" என்று இருந்தால் நமக்கானது. "2 வருடம், செலினியம் கட்டாயம்" என்று இருப்பது ஜூனியர் என்று தலைப்பு போட்டிருந்தாலும் நமக்கானது இல்லை.

பதிவுக் கட்டணம், பயிற்சி டெபாசிட், "லேப்டாப்புக்கு முன்பணம்" என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கே கடிதம் எழுதும் வேலையே வேண்டாம். நான் ஒரு கன்சல்டன்சிக்கு 1,500 ரூபாய் கட்டினேன். இன்டர்வியூ நாள் இன்றுவரை வரவில்லை.

## 2. எழுதும் முன் ஒரு பிழையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

மேனுவல் டெஸ்டராகச் சேரப்போகிறவரிடம் டெஸ்ட் லீட் தேடுவது இதைத்தான்: இவர் கண்ணில் பிழை படுமா, பட்டால் அதை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதுவாரா? அனுபவம் இல்லாத நாம் இதைக் காட்ட ஒரே வழி, நிஜமாகக் கண்டுபிடித்த ஒரு பிழையைச் சொல்வது. பத்து பிழை வேண்டாம். ஒன்றை முழுதாகச் சொன்னால் போதும்.

என்னுடையதைச் சொல்கிறேன். எங்கள் துறை சிம்போசியத்துக்கு வகுப்பு நண்பர்கள் ஒரு பதிவுப் பக்கம் செய்திருந்தார்கள். மொபைல் எண் கொடுத்தால் ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால் பதிவு முடியும். ஒருவர் மட்டும் "எனக்கு ஓ.டி.பி. வரவே இல்லை" என்றார். மற்ற எல்லாருக்கும் வந்தது. நெட்வொர்க் சரியில்லை என்று விட்டுவிடப் பார்த்தார்கள். நான் அவரிடம் எண்ணை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். தட்டச்சு செய்யவில்லை, வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பியிருந்த எண்ணை நகலெடுத்து ஒட்டினேன் என்றார். அந்த எண் 91 சேர்த்து 12 இலக்கமாக இருந்தது.

பக்கத்தின் குறியீட்டைப் பார்த்தபோது எண் பெட்டியில் இந்த வரி இருந்தது:

```html
<input type="tel" name="mobile" maxlength="10">
```

பத்து எழுத்துக்கு மேல் ஒட்டினால் பிரவுசர் எச்சரிக்காது. முதல் பத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆகவே 91-உம் அவருடைய எண்ணின் முதல் எட்டு இலக்கங்களும் மட்டுமே பெட்டியில் நின்றன. நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்றில் தொடங்கும். வெட்டுப்பட்ட எண்ணும் 9-இல் தொடங்கிப் பத்து இலக்கமாக இருந்ததால், பார்ப்பதற்குச் சரியான எண். பக்கம் அதை ஏற்றுக்கொண்டு ஓ.டி.பி.யை அனுப்பிவிட்டது, யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்கு!

இதையே வெவ்வேறு விதமாக ஒட்டிப் பார்த்தேன். முன்னால் கூட்டல் குறியோடு ஒட்டினால் அந்தக் குறியும் பத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இலக்கம் ஒன்பதாகக் குறைந்து "சரியான எண்ணைத் தரவும்" என்று பக்கம் சொல்லிவிடுகிறது. முன்னால் பூஜ்யம் போட்டு ஒட்டினாலும் அதே எச்சரிக்கைதான். கூட்டல் குறி இல்லாத 12 இலக்கம் மட்டும்தான் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. ஒருவருக்கு மட்டும் கோளாறு வந்த காரணம் அதுதான்.

நண்பர்கள் திருத்தினார்கள். `maxlength` வரம்பை எடுத்துவிட்டு, தொடக்கத்தில் 91 இருந்தால் அதை நீக்கிவிடும்படி செய்தார்கள். நான் மறுபடி சோதித்தேன். இப்போது 12 இலக்க எண் சரியாக வேலை செய்தது. ஆனால் 91-இலேயே தொடங்கும் நிஜமான பத்து இலக்க எண்களும் இருக்கின்றனவே! அவற்றிலும் 91 வெட்டுப்பட்டு எட்டு இலக்கமாகி, எச்சரிக்கை வந்தது. பழைய பிழையைத் திருத்தியதில் புதுப் பிழை. "மொத்தம் 12 இலக்கம் இருந்தால் மட்டும் 91-ஐ நீக்கு" என்று மாற்றிய பிறகுதான் முடிந்தது. ரெக்ரெஷன் டெஸ்டிங் என்று பாடத்தில் படித்தது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். கல்லூரி புராஜெக்ட்டிலோ, நண்பர் செய்த ஆப்பிலோ, அப்பா கடையின் பில்லிங் மென்பொருளிலோ தேடுங்கள். `saucedemo.com` போன்ற பயிற்சித் தளங்களில் பழகலாம், ஆனால் கடிதத்தில் அதை வைக்காதீர்கள். அங்குள்ள பிழைகள் வேண்டுமென்றே வைத்தவை, படிக்கிறவர் அதே பிழையை ஏற்கெனவே பல கடிதங்களில் பார்த்திருப்பார்.

விண்ணப்பிக்கும் கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே பிழை பிடித்துச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் பிழை என்றால் பணிவாகச் சொல்லலாம். அடுத்தவர் கணக்கைத் திறந்து பார்ப்பது, இணைய முகவரியில் எண்ணை மாற்றி வேறொருவர் பில்லை எடுப்பது போன்ற வேலை மட்டும் கூடவே கூடாது. அனுமதியில்லாமல் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் வரும். வேலை கேட்கப் போய் வம்பை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

## 3. அந்தப் பிழையை ஒரு பக்க ரிப்போர்ட்டாக எழுதி வையுங்கள்

கடிதத்தில் பிழையை நாலு வரியில்தான் சொல்ல முடியும். முழுதும் ஒரு தனிக் கோப்பில் இருக்கட்டும். தலைப்பு, எந்த பிரவுசர் எந்த போன், செய்த படிகள், வந்திருக்க வேண்டியது, உண்மையில் வந்தது, ஸ்கிரீன்ஷாட், சிவியாரிட்டி, பிரையாரிட்டி. இவ்வளவு போதும். ஜிராவில் பத்துப் பயனர் வரை இலவசம் என்பதால், அதிலேயே ஒரு புராஜெக்ட் திறந்து பதிவு செய்து பழகலாம். அப்போது "ஜிரா தெரியும்" என்று எழுதுவது பொய்யாக இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டில் நிஜ மனிதர்களின் எண்ணோ பெயரோ இருந்தால் மறைத்துவிடுங்கள்.

தலைப்பில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். "ஓ.டி.பி. வேலை செய்யவில்லை" என்பது புகார். "91 சேர்த்த 12 இலக்க எண்ணை ஒட்டினால் கடைசி இரண்டு இலக்கம் வெட்டுப்பட்டு, ஓ.டி.பி. வேறு எண்ணுக்குப் போகிறது" என்பதுதான் தலைப்பு.

சிவியாரிட்டிக்கும் பிரையாரிட்டிக்கும் யோசிக்காமல் ஒரே சொல்லைப் போட்டு வைக்காதீர்கள். இந்தப் பிழையில் அடுத்தவருக்கு ஓ.டி.பி. போவதால் சிவியாரிட்டி அதிகம். எண்ணை ஒட்டுகிறவர்கள் சிலர்தான் என்றாலும், மறுநாளே சிம்போசியம் என்பதால் பிரையாரிட்டியும் அதிகமானது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. அந்தக் காரணத்தை ஒரு வரி எழுதியிருந்தால் படிக்கிறவர் நின்று பார்ப்பார்.

## 4. கடிதம்: நான்கு பத்தி, 200 முதல் 250 சொல்

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் இங்கே தமிழில் தருகிறேன். அப்படியே நகலெடுத்து ஒட்ட முடியாது என்பது ஒரு நன்மை. உங்கள் ஆங்கிலம் எளிமையாக இருந்தால் எளிமையாகவே இருக்கட்டும். பக் ரிப்போர்ட்டின் மொழியும் எளிமையானதுதான்.

> வணக்கம். உங்கள் தளத்தில் வந்த ஜூனியர் மேனுவல் டெஸ்டர் வேலைக்கு (வேலை எண் 1182) விண்ணப்பிக்கிறேன். வாடிக்கையாளர் தரும் புகாரைத் திரும்ப உருவாக்கிப் பார்க்கும் வேலை என்று விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். அப்படி ஒன்றை நான் செய்திருக்கிறேன்.
>
> எங்கள் துறை நிகழ்ச்சியின் பதிவுப் பக்கத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் ஓ.டி.பி. வரவில்லை. அவர் எண்ணை எப்படிக் கொடுத்தார் என்று கேட்டு, அதேபோல் செய்து பார்த்தேன். 91 சேர்த்த 12 இலக்க எண்ணை ஒட்டும்போது கடைசி இரண்டு இலக்கம் எச்சரிக்கை இல்லாமல் வெட்டுப்பட்டு, ஓ.டி.பி. வேறொருவருக்குப் போனது. திருத்திய பிறகு மறுபடி சோதித்தேன். 91-இல் தொடங்கும் சரியான எண்களைப் புதுத் திருத்தம் நிராகரிப்பதைக் கண்டு அதையும் பதிவு செய்தேன். ரிப்போர்ட்டின் இணைப்பு கீழே.
>
> அதே பக்கத்துக்கு 34 டெஸ்ட் கேஸ்களை எக்செல்லில் எழுதினேன், பிழைகளை ஜிராவில் பதிவு செய்தேன். எஸ்.கியூ.எல்.லில் ஒரு டேபிளிலிருந்து தேவையானதை எடுக்கவும், இரண்டு டேபிள்களை இணைக்கவும் தெரியும். ஆட்டோமேஷன் இன்னும் தெரியாது.
>
> இந்த ஆண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தேன், அரியர் இல்லை. ப்ரொவிஷனல் சர்டிபிகேட் கையில் இருக்கிறது. சென்னையில் தங்கி வேலை செய்யத் தயார். ஒரு வாரத்தில் சேர முடியும்.

முதல் பத்தியில் விளம்பரத்தின் ஒரு வரி, மூன்றாவது பத்தியில் இன்னொன்று. நாலாவது பத்தியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைத்து நான் முன்பெல்லாம் விட்டுவிடுவேன். எச்.ஆர். தேடுவதே அதைத்தானாம். எப்போது சேருவீர்கள், எங்கே இருக்கிறீர்கள், சர்டிபிகேட் இருக்கிறதா என்பவற்றுக்காகத் தனியாக ஒரு போன் செய்ய வைக்காதீர்கள்.

"ஆட்டோமேஷன் இன்னும் தெரியாது" என்று நாமே எழுதலாமா என்பதில் எனக்கும் தயக்கம் இருந்தது. அந்த அக்காதான் வைக்கச் சொன்னார். தெரியும் என்று எழுதினால் முதல் கேள்வியே அதில்தான் வரும், ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். விளம்பரத்தில் ஆட்டோமேஷனே இல்லையென்றால் அந்த வரி தேவையில்லை, எடுத்துவிடலாம்.

## 5. எடுத்துவிட வேண்டியவை

"கோடிங் வராது, அதனால் டெஸ்டிங்கைத் தேர்ந்தெடுத்தேன்." இதை நேரடியாக எழுதாவிட்டாலும், "கோடிங்கைவிட டெஸ்டிங் எளிது என்பதால்" என்று சுற்றி வளைத்து எழுதுகிறவர்கள் உண்டு. டெஸ்டரே படிக்கப்போகும் கடிதத்தில் இதைவிடப் பெரிய தப்பு இல்லை.

கடின உழைப்பாளி, வேகமாகக் கற்றுக்கொள்வேன், டீம் பிளேயர் ஆகிய மூன்றையும் எடுங்கள். நுணுக்கமாகக் கவனிப்பேன் என்பதையும் எடுங்கள். 91 கதை அதைச் சொல்லிவிட்டது.

ஐ.எஸ்.டி.கியூ.பி. ஃபவுண்டேஷன் தேர்வுக்குப் "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்பதும் வேண்டாம். அது 60 நிமிடத்தில் 40 கேள்வி, தேர்ச்சிக்கு 65 சதவீதம், அதாவது 26 சரியாக இருக்க வேண்டும். தேறியிருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் ஜூனியர் வேலைக்குக் கடிதம் போடுவதற்காக இப்போதே பணம் கட்டி எழுத வேண்டிய அவசியம் இல்லை.

கன்சல்டன்சி தரும் போலி அனுபவச் சான்றிதழ் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கு விவரம் கேட்பார்கள், அங்கே மாட்டிக்கொள்ளும்.

## 6. எதை இணைப்பது, எதை இணைக்கக் கூடாது

கடிதம் மின்னஞ்சலின் உடலிலேயே இருக்கட்டும். அதைத் தனிக் கோப்பாக வைத்து, உடலில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதினால் பாதிப் பேர் திறப்பதில்லை. இணைப்பாகப் போக வேண்டியது ஒரு பக்க ரெஸ்யூமே மட்டும், பி.டி.எஃப். வடிவில். கோப்பின் பெயரும் பொருள் வரியும் இப்படி இருக்கலாம்:

```
Subject: Junior Manual Tester - Job ID 1182 - BSc CS fresher
File:    Yourname_Manual_Tester.pdf
```

`resume_final_new2.pdf` என்ற பெயரில் அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைப் பெறுகிறவர் சிரிப்பார்.

மதிப்பெண் பட்டியல், ஆதார், பான் எதையும் முதல் கடிதத்தோடு அனுப்பாதீர்கள். யார் கைக்குப் போகிறது என்று தெரியாது. அவற்றை ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் தயாராக வைத்திருங்கள், ஆஃபர் கட்டத்தில் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, எல்லா செமஸ்டர் பட்டியல்களும் வேண்டியிருக்கும். ப்ரொவிஷனல் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் "கடைசி செமஸ்டர் முடிவு வந்துவிட்டது, ப்ரொவிஷனல் இந்த மாதம் கிடைக்கும்" என்று மாதத்தோடு எழுதுங்கள். எந்த மாதம் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். அசல் சான்றிதழைக் கொடுத்து வையுங்கள் என்று கேட்கும் இடங்களும் உண்டு. அசலைக் காட்டலாம், சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

## 7. அனுப்பும் முன் கடிதத்தையே டெஸ்ட் செய்யுங்கள்

எழுத்துப்பிழையோடு வரும் டெஸ்டரின் கடிதம் படிக்கிறவர் கண்ணுக்கு முதல் பக். ஆனால் என்னைக் கவிழ்த்தது எழுத்துப்பிழை இல்லை, டிரைவ் இணைப்பு. ரிப்போர்ட்டை கூகுள் டிரைவில் வைத்து இணைப்பைக் கொடுத்திருந்தேன். புதிதாக ஏற்றும் கோப்பு இயல்பாகவே `Restricted` என்ற நிலையில் இருக்கும். எனக்குத் திறக்கும், அவர்களுக்கு `You need access` என்று வரும். இப்படி ஒன்பது கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்த பிறகுதான் தெரிந்தது. மற்ற எட்டுப் பேர் கேட்கக்கூட இல்லை.

எனவே `Anyone with the link` என்று மாற்றி, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, இணைப்பை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். பிறகு கடிதத்தை உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். கம்பெனி பெயர், வேலை எண் இரண்டையும் விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரிகள் மட்டும் எழுத்து அளவு மாறித் தெரியும். அப்படி இருந்தால் முழுதையும் தேர்ந்தெடுத்து வடிவமைப்பை நீக்கிவிடுங்கள். ஜிமெயில் அமைப்பில் `Undo Send` நேரத்தை 30 வினாடியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை பிழைத்தது அதனால்தான்.

## 8. அனுப்புவது, காத்திருப்பது

விளம்பரம் வந்த முதல் இரண்டு நாளுக்குள் அனுப்பப் பாருங்கள். பக் பத்தி மாறாது என்பதால், ஒரு கம்பெனிக்கு மாற்ற வேண்டியது முதல் பத்தியும் மூன்றாவது பத்தியும்தான். எனக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் அனுப்பினால் கை தானாகப் பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு ஷீட்டில் தேதி, கம்பெனி, வேலை எண், நீங்கள் பிடித்த இரண்டு வரிகள் ஆகியவற்றைப் பதியுங்கள். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போன் வரும்போது அது தளத்திலிருந்து போயிருக்கும். ஏழு வேலை நாள் கழித்து, அதே மின்னஞ்சல் தொடரிலேயே மூன்று வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த வரியை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

புதுக் கடிதத்தை 17 இடத்துக்கு அனுப்பினேன், நான்கு போன் வந்தது. நான்கிலும் கேட்டது 91 பற்றித்தான். ஒருவர், "நண்பர்கள் திருத்தின பிறகு வேற என்னென்ன எண் போட்டுப் பார்த்தீங்க?" என்றார். இடையில் இடைவெளி விட்ட எண், கடைசியில் இடைவெளி உள்ள எண், ஒன்பது இலக்கம், பதினொன்று, பதின்மூன்று என்று சொன்னேன். "தமிழ் எண்களைப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அன்று இரவே போட்டுப் பார்த்து, முடிவை ரிப்போர்ட்டில் சேர்த்து, மறுநாள் காலை அவருக்கு இரண்டு வரி எழுதினேன். இப்போது அவருடைய டீமில்தான் இருக்கிறேன்.